கிணற்றடியில் கிடைத்த வசனம்

நெல்லியடிச் சந்தையில் பதினாறு வருஷம் சீலை விற்றவனுக்கு ஒரு விஷயம் உள்ளங்கைபோலத் தெரிந்திருக்கும்: வாங்க வந்தவள் முதலில் சீலையைப் பார்ப்பதில்லை, விற்பவனின் வாயைத்தான் பார்ப்பாள். இளையதம்பிக்கு அந்த வாய் இருந்தது. அதை நம்பித்தான் அவன் மைத்துனன் மார்க்கண்டுவின் சீலைக் கடையை விட்டிறங்கி, சுகாதாரப் படம் காட்டும் வான் வண்டியில் விளக்கம் வாசிக்கும் உத்தியோகத்தில் ஏறினான்.

உலகச் சண்டை முடிந்து அடுத்த வருஷம் அது. படம் ஊமைப் படம். திரைக்குப் பக்கத்தில் ஒரு வாங்குப் பலகையிலே இருந்து, கையில் கொழும்பிலிருந்து வந்த தாள்களை வைத்துக்கொண்டு, மைக்கில் வாசிக்க வேண்டும். வானின் தலையில் கட்டிய குழாய் அதை ஊர் முழுக்கக் கொண்டுபோகும். ஒரு வருஷத்துக்குத் தற்காலிகம். பிழையில்லாமல் ஓட்டினால் நிரந்தரம், முதுமையில் பென்சன்.

கடையை விட்டு இறங்கிய அன்று மார்க்கண்டு தடுக்கவில்லை. சுருட்டை ஒருமுறை இழுத்துவிட்டுச் சொன்னான்: "உந்தக் குழாய் உத்தியோகம் ஆறு மாசம் தாங்காது, மச்சான். திரும்பி வாரும், வேண்டாமெண்டு சொல்ல மாட்டன். ஆனால் முன்னாலை இருந்து விக்கிற இடம் இல்லை. பின்னாலை நிண்டு சீலை மடிக்கிற இடம்தான்."

ஐந்தாம் மாதம் கரவெட்டியில் அந்தச் சொல் பலிக்கப் பார்த்தது.

நெருப்புக்காய்ச்சலை, அதாவது தைபொயிட்டைப் பற்றிய படம். பன்னிரண்டு நிமிஷம். இலையான் என்கிற ஈ, திறந்து கிடக்கும் சோற்றுப் பானை, கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைக்கும் ஒரு பெண், கிணற்றடியில் கால் கழுவும் ஒருவன், கட்டிலில் கிடக்கும் பிள்ளை, புதிதாகக் கட்டிய கக்கூசு. தாளில் இருந்ததை இளையதம்பி ஓர் எழுத்தும் பிசகாமல் வாசித்தான்:

"மலத்தின்மீது அமர்ந்த ஈக்கள் தமது கால்களிற் பற்றிய நுண்கிருமிகளுடன் பறந்து சென்று, மூடப்படாது வைக்கப்பட்டுள்ள உணவுப் பதார்த்தங்களின்மீது அமர்வதனால், அவற்றை உண்போருக்கு நெருப்புக்காய்ச்சல் உண்டாகின்றது."

சனம் அமைதியாக இருந்து பார்த்தது. அமைதியாக எழும்பிப் போனது. இரண்டு நாள் கழித்து, வானை ஓட்டுகிறவனும் படத்தைச் சுற்றுகிறவனுமான லயனல், தேத்தண்ணிக் கடையிலிருந்து ஓடிவந்தான்.

"அண்ணை, சங்கதி தெரியுமோ? கொதிச்ச தண்ணி குடிச்சால் நெருப்புக்காய்ச்சல் வருமாம். கவுண்மேந்தே படம் போட்டுக் காட்டினதாம். இவ்வளவு நாளும் கொதிக்க வைச்ச ரெண்டு மூண்டு பேரும் விட்டிட்டினமாம்."

"ஆர் சொன்னது?"

"ஆர் சொன்னதோ? நீங்கள் சொன்னது!"

அந்த ஊர் மருத்துவிச்சியும் அதையே எழுதிக் கொழும்புக்கு அனுப்பிவிட்டாள். பதினைந்து நாளில் நெல்லியடியில் படம். கொழும்புச் சுகாதாரக் கந்தோரின் டொக்டர் ஐயா தாமே வந்து இருந்து கேட்பார். வாசிப்பு மறுபடியும் சனத்தைக் குழப்பினால் வேறு ஆள் நியமிக்கப்படும் என்று கந்தோர்க் கடிதம் வந்தது. கடைசி வரி இன்னும் வடிவாயிருந்தது: தாளில் ஒரு சொல்லை மாற்றுவதானாலும், அதை மொழிபெயர்த்த மானிப்பாய் செபநாயகம் மாஸ்ரர் பக்கத்துக்குப் பக்கம் கையொப்பம் வைக்க வேண்டும்.

கையையும் கட்டி, நீந்தவும் சொல்கிறார்கள் என்று இளையதம்பி நினைத்துக்கொண்டான்.

லயனல் கெட்டிக்காரன். நெல்லியடிப் பள்ளிக்கூட மண்டபத்தின் சன்னல்களைச் சாக்கால் மூடி, பட்டப்பகலில் படத்தைச் சுற்றி, மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தான். இலையான் வருகிற இடம் முழுக்க ஒன்பது செக்கன். அந்த வசனத்தை நிறுத்தி வாசித்து முடிக்க இருபத்தொன்று. ஈக்கள் திரையில் இருக்கும்போது 'பதார்த்தங்கள்' வரைக்கும் வரவில்லை. இலையான் போய், கேத்தில் வந்து, ஆவி பறக்கும் தண்ணீரைப் பெண் பேணியில் வார்க்கும்போதுதான் 'நெருப்புக்காய்ச்சல் உண்டாகின்றது' என்று குழாய் முழங்கியிருக்கிறது.

"தமிழிலை காரியம் கடைசியிலைதானே வரும், அண்ணை. அது வாறதுக்கிடையிலை படம் போயிட்டுது," என்றான் லயனல்.

முதல் வைத்தியம் இளையதம்பிக்குச் சுலபமாகத் தோன்றியது. சொற்களின் வால்களை மாற்றினால் போயிற்று. 'அமர்ந்த' என்பதை 'இருந்த' ஆக்கினான். 'தமது கால்களில்' என்பதைத் 'தங்கடை காலிலை' ஆக்கினான். 'உண்டாகின்றது' என்பதை 'உண்டாகுது' ஆக்கினான். வாசித்துக் காட்டினான். லயனல் தலையைச் சொறிந்தான்.

"தலைப்பாகைக்கு மேலை தொப்பி வைச்ச மாதிரிக் கிடக்கு. எலும்பு அதேதான். நீளமும் அதேதான்."

இரண்டாம் வைத்தியத்துக்கு அவன் தன் சொந்தப் பெட்டகத்தைத் திறந்தான். பதினாறு வருஷக் கடைப் பேச்சு. பக்கத்து ஊர் வாசிகசாலை ஒன்றில், ஒத்திகை என்று பேர் வைத்து, தாளைக் கீழே போட்டுவிட்டு வாய்க்கு வந்தபடி எடுத்துவிட்டான்: "வாங்கோ அம்மா, கிட்ட வந்து பாருங்கோ! இப்பிடி ஒரு தண்ணி நீங்கள் குடிச்சிருக்க மாட்டியள், கண்டியளோ! கொதிக்க வையுங்கோ, ஆற விடுங்கோ, பிறகு பாருங்கோ, கண்டியளோ!" சனம் விழுந்து விழுந்து சிரித்தது. இளையதம்பிக்கு வயிறு குளிர்ந்தது. படம் முடிந்ததும் முன்னாலிருந்த கிழவர் ஒருவர் எழும்பி வந்தார்.

"தம்பி, நல்ல பகிடி. உந்தக் கொதிதண்ணி எங்கை விக்குது?"

"விக்கிறேல்லை, அப்பு. வீட்டிலை நீங்களே கொதிக்க வைக்கிறது."

"அப்ப ஏன் இந்த நெருக்கு நெருக்கிறாய்?" கிழவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "இவ்வளவு வாய் போட்டு விக்கிற சாமானிலை எங்கையோ ஒரு பிழை இருக்கும். நாங்களும் சந்தைக்குப் போறனாங்கள்தானே."

கிழவர் சொன்னது தொழில் உண்மை. கூப்பிட்டுக் கூப்பிட்டு விற்கிற கடையில் எந்தப் பெண்ணும் கல்யாணக் கூறைச் சீலை எடுப்பதில்லை.

மூன்றாம் நாள் வானை மானிப்பாய்க்கு விட்டார்கள்.

செபநாயகம் மாஸ்ரர் மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தமிழ் படிப்பித்தவர். வெள்ளை வேட்டி, பொத்தான் ஒன்றும் பிசகாத சேட்டு. தாள்களை வாங்கி, சிவப்பு மையால் யாரும் தொட்டிருக்கிறார்களா என்று முதலில் பார்த்தார்.

"இரும் தம்பி. உம்முடைய வருகையின் நோக்கம் யாதோ?"

இளையதம்பி நோக்கத்தைச் சொன்னான். அவர் முகம் மாறவில்லை; கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவ்வளவுதான்.

"இவ்வசனத்திற் பிழை உண்டோ?"

"வசனத்திலை ஒரு பிழையும் இல்லை, மாஸ்ரர்."

"அங்ஙனமாயின் கேட்பவரின் செவியிற் பிழை. தமிழைச் சந்தைக்கு இறக்குதற்கு யான் ஒருப்படேன்."

"சந்தைக்குப் போகாமல் ஒரு வீட்டிலையும் அடுப்பு எரியாது, மாஸ்ரர்," என்று இளையதம்பி பணிவாகச் சொன்னான். மாஸ்ரர் அதற்குச் செந்தமிழில் ஒரு பதிலை எடுத்து, வாயைத் திறந்து, சன்னல் வழியாக எதையோ கண்டு அப்படியே எழும்பினார்.

கிணற்றுக் கட்டில் அவருடைய தம்பி எட்வேர்ட், மலாயாவிலிருந்து லீவில் வந்தவன், ஒரு காலைத் தூக்கி வைத்துச் சேறு கழுவிக்கொண்டிருந்தான்.

"டேய் எட்வேர்ட்! உதிலை நிண்டு கழுவாதை! உன்ரை கால் தண்ணி திரும்பக் கிணத்துக்கைதான் போகுது. அதைத்தான் நான் குடிக்கிறன். அதைத்தான் என்ரை பிள்ளை ஐரிஸும் குடிக்குது. போன மாரியிலை பிள்ளை நெருப்புக்காய்ச்சலிலை கிடந்து பட்ட பாடு உனக்கென்ன தெரியும்? நீ அங்கை இருந்தனி. நான் பக்கத்திலை இருந்தனான். அங்காலை வேலியடிக்குப் போ!"

எட்வேர்ட் வாய்க்குள் முணுமுணுத்தபடி வாளியைத் தூக்கிக்கொண்டு போனான். மாஸ்ரர் திரும்பி வந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, வேட்டியைச் சரிசெய்தார்.

"மன்னிக்க வேண்டும். யாது கூறிக்கொண்டிருந்தோம்?"

இளையதம்பி அவரைப் பார்க்கவில்லை. தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் விறுவிறென்று எழுதிக்கொண்டிருந்தான். இந்த மனிதன் எதையும் விற்கவில்லை, எதையும் படிப்பிக்கவில்லை. பயந்துபோன தகப்பன், தன் வீட்டு ஆளுக்குச் சொல்கிறான். ஒரு வசனமும் ஒரு மூச்சுக்கு மேலே போகவில்லை. கால், தண்ணீர், கிணறு, நான், பிள்ளை. கையால் காட்டுகிற ஒழுங்கிலே சொல் வந்து விழுந்திருக்கிறது.

"மாஸ்ரர், நீங்கள் இந்தப் படத்தைப் பாத்தனீங்களோ?"

"படமோ? இங்கிலீசுத் தாள் மாத்திரம் தபாலில் வந்தது."

லயனல் அதற்குமேல் காத்திருக்கவில்லை. வானின் எஞ்சினை முடுக்கி, வயரை இழுத்து, உள்ளறைச் சன்னல்களைச் சாத்தி, வெள்ளைச் சுவரிலே படத்தைப் போட்டான். இளையதம்பி தாளை மாஸ்ரரிடமே கொடுத்தான். "நீங்களே வாசியுங்கோ. உங்கடை வாசிப்பு எனக்கு வராது."

மாஸ்ரர் வாசித்தார். குரல் கணீரென்று இருந்தது. இலையான் வந்தது, போனது. 'பதார்த்தங்களின்மீது' என்ற இடத்தில் கேத்தில் வந்தது. அவர் ஒருமுறை நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். வசனம் ஓடுகிற வண்டி, நடுவில் நிறுத்த முடியாது. பெண் பேணியில் தண்ணீரை வார்த்தாள். "நெருப்புக்காய்ச்சல் உண்டா..." என்று மாஸ்ரரின் குரல் இறங்கி, நின்றது.

எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

"கரவெட்டியிலை உதைத்தான் கேட்டவையோ?" என்றார் மாஸ்ரர். அவர் வாயிலிருந்து செந்தமிழ் கழன்று விழுந்ததை அவரே கவனிக்கவில்லை.

"ஓம், மாஸ்ரர்."

"கொதிக்க வைச்சதையும் விட்டிட்டினமோ?"

"ரெண்டு மூண்டு வீடு."

அவர் கதிரையை இழுத்து மேசைக்குக் கிட்டப் போட்டார். "பென்சிலைக் கொண்டாரும்."

அன்று பகல் முழுக்க அந்த மேசையில் நடந்ததைப் போல ஒரு பேரத்தை இளையதம்பி கடையிலும் கண்டதில்லை. மாஸ்ரர் ஒரு வசனத்தை முழுக் கூறைச் சீலையாக விரிப்பார். இவன் ஒரு முழம் போதும் என்பான். திரையில் தெரிகிறதைத் திரும்பச் சொல்வதில்லை என்று முதல் உடன்பாடு. கண்ணுக்குத் தெரியாததைத்தான் வாய் சொல்ல வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு மூச்சு என்பது இரண்டாவது. லயனல் படத்தைச் சுற்றுவான், மணிக்கூட்டைப் பார்ப்பான், "மிஞ்சுது!" என்று கத்துவான், ஒரு சொல் விழும்.

'ஈ' போய் 'இலையான்' வந்தது. 'மலம்' என்ற இடத்தில் இழுபறி. எழுத்துச் சொல் அங்கே சவத்தைப் போல விறைத்துக் கிடந்தது. வீட்டுச் சொல்லைப் பெண்கள் நிறைந்த சபையில் குழாயில் விட முடியாது. கடைசியில் மாஸ்ரர்தான் கண்டுபிடித்தார்: "வெளிக்குப் போன இடம் எண்டு சொல்லும். எல்லாருக்கும் விளங்கும், ஒருத்தருக்கும் கூசாது."

இளையதம்பி எழுதிய 'கண்டியளோ'க்களை அவர் ஒவ்வொன்றாய் வெட்டினார். "உது எங்கடை பேச்சு இல்லை, தம்பி. எங்கடை பேச்சை ஆரோ பழிச்சுக் காட்டுற மாதிரி. ஊராக்கள் உந்தப் பகிடியைக் கேட்டால் தங்களைத்தான் சிரிக்கிறான் எண்டு நினைப்பினம்." இளையதம்பிக்குச் சுட்டது, ஆனால் வாசிகசாலைக் கிழவரின் கண் ஞாபகம் வந்தது. வெட்ட விட்டான்.

பின்னேரம் இலையான் வசனம் இப்படி நின்றது: "இந்த இலையான் எங்கையிருந்து வருது? வெளிக்குப் போன இடத்திலையிருந்து. கால் கழுவிக்கொண்டோ வருது? நேரை சோத்திலை இருக்குது. அந்தச் சோத்திலைதான் காய்ச்சல்." மணிக்கூடு ஒன்பது செக்கன் காட்டியது. லயனல் ஒன்றும் கத்தவில்லை.

கிணற்று வசனத்துக்கு வந்தபோது இளையதம்பி தாளின் பின்பக்கத்தை வாசித்தான். "உதிலை நிண்டு கழுவாதையுங்கோ. அந்தக் கால் தண்ணி திரும்பக் கிணத்துக்கைதான் போகுது. அதைத்தான் நாங்கள் குடிக்கிறம். அதைத்தான் பிள்ளையும் குடிக்குது." கூட இன்னொரு வரியையும் சேர்த்திருந்தான்: "உங்கடை வீட்டிலையும் உப்பிடி ஒருத்தர் இருப்பார்."

"நல்லாயிருக்கு," என்றார் மாஸ்ரர். "ஆர் சொன்னது?"

"ஒரு தகப்பன், மாஸ்ரர்."

அவர் சன்னல் வழியாகக் கிணற்றைப் பார்த்தார். பிறகு இவனைப் பார்த்தார். உதட்டோரம் ஏதோ அசைந்தது. "கள்ளன் நீர்," என்றார். ஆனால் பக்கத்தின் அடியில் கையொப்பம் விழுந்தது.

எட்டாம் பக்கத்தில் மட்டும் பேனை நின்றது. படம் முடிகிற இடம். பிள்ளை எழும்பி நடக்கிறது. "இதிலை ஒரு வசனம் என்ரையாய் இருக்கட்டும்," என்றார். "நீரும் உயிரும் ஒன்று. நீரைக் காப்பவர் உயிரைக் காப்பவர். ஒரு எழுத்தையும் தொடக்கூடாது."

இளையதம்பி மணிக்கூட்டைப் பார்த்தான். அங்கே படம் ஆறுதலாக ஓடியது, இடம் இருந்தது. நல்ல வியாபாரி கடைசிப் பொத்தானுக்குச் சண்டை பிடிப்பதில்லை. "சரி, மாஸ்ரர்."

நெல்லியடியில் படம் போடும் நாளன்று பின்னேரம் நாலு மணிக்கே மண்டபம் நிரம்பிவிட்டது. சன்னல்களுக்குச் சாக்கு. டொக்டர் ஐயா முன்வரிசையில், மடியில் கையொப்பமிட்ட தாள்கள், கையில் சின்ன ரோர்ச் விளக்கு. அவர் பக்கத்தில் மாஸ்ரர். பின் சுவரோடு மார்க்கண்டு சாய்ந்து நின்றான். சீலை மடிக்க ஆள் கிடைக்குமா என்று பார்க்க வந்தவன் போல இருந்தது அவன் நிலை. இளையதம்பி மைக்கை வாய்க்குக் கிட்ட இழுத்தான்.

இலையான் வந்தது. ஒன்பது செக்கன். "அந்தச் சோத்திலைதான் காய்ச்சல்," என்றபோது சோறு திரையிலேயே இருந்தது. கேத்தில் வந்தது. "கொதிக்கட்டும்," என்றான். பிறகு பேசாமல் இருந்தான். சபை முழுக்க அந்த ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தது. "இன்னும் கொஞ்சம்." மறுபடியும் பேசாமல் இருந்தான். "இனி இறக்கலாம்." ஒரு கிழவி மூச்சு விட்டது அவனுக்குக் கேட்டது.

கிணறு வந்தது. "உதிலை நிண்டு கழுவாதையுங்கோ," என்று அவன் சொன்னபோது அது சீலைக்காரனின் குரலாக இல்லை. மானிப்பாயில் கேட்ட குரலாக இருந்தது. "அதைத்தான் பிள்ளையும் குடிக்குது."

நடுவரிசையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வெடித்தது: "அதுதானே! எங்கடை வீட்டிலையும் உவர் ஒருத்தர் உப்பிடித்தான்! சொன்னால் கேக்கிறேல்லை!"

"சும்மா இரு, செல்வநாயகி," என்று ஓர் ஆண்குரல் தாழ்ந்து கேட்டது.

"ஏன் சும்மா இருக்கிறது? இப்ப குழாயும் சொல்லுது!"

மண்டபம் சிரித்தது, பகிடிக்காரனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பல்ல, தன் வீட்டைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. இளையதம்பியின் தாளில் அடுத்த வரி காத்திருந்தது. படம் காத்திருக்கவில்லை, கிணறு போய்ப் பிள்ளையின் கட்டில் வந்துவிட்டது. அந்த வரியை இப்போது சொன்னால் மறுபடியும் கரவெட்டிக் குழப்பம்தான். விரலால் அதைத் தாண்டினான்.

பிள்ளை எழும்பி நடந்தபோது மாஸ்ரரின் வசனத்தை நிறுத்தி, ஒரு எழுத்தும் தொடாமல் சொன்னான். அதுவரை வீட்டுப் பேச்சாய்க் கேட்ட காதுக்கு அது கோவில் மணிபோல விழுந்தது. ஒருவரும் அசையவில்லை. பொத்தான் தங்கப் பொத்தான்தான் என்று அவன் மனசுக்குள் ஒப்புக்கொண்டான்.

சாக்குகளை விலக்கினார்கள். டொக்டர் ஐயா ரோர்ச்சை அணைத்து, தாளில் ஓர் இடத்தைத் தட்டினார்.

"இஞ்சை ஒரு வசனம் வாசிக்கேல்லை. 'உங்கடை வீட்டிலையும் உப்பிடி ஒருத்தர் இருப்பார்.' அனுமதிச்ச வசனம். ஏன் விட்டது?"

இளையதம்பி வாயைத் திறந்தான். ஆனால் மாஸ்ரர் முந்திக்கொண்டார்.

"விடேல்லை, டொக்டர். அதை அந்தப் பிள்ளை செல்வநாயகி வாசிச்சவ."

டொக்டர் ஐயா திரும்பிப் பார்த்தார். வாசலில் செல்வநாயகி இன்னும் தன் மனுசனுக்குக் கிணற்றடிச் சட்டம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் பேனையை எடுத்து, அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் 'சபைக்கு விடவும்' என்று எழுதினார். "அடுத்த மாசம் சாவகச்சேரி," என்றார் இளையதம்பியிடம். "ஆளை மாத்தத் தேவையில்லை."

லயனல் வயரைச் சுருட்டும்போது மார்க்கண்டு மெல்ல வந்து, வானின் கதவில் கையை ஊன்றினான். சுருட்டை எடுத்தான், பற்றவைக்கவில்லை.

"மச்சான், உந்தக் கொதிக்க வைக்கிறது... கொதி வந்தாப்பிறகு எவ்வளவு நேரம் வைக்கிறது?"

இத்தனை வருஷத்தில் வாங்குகிற எண்ணம் இல்லாமல் மார்க்கண்டு எதையும் விசாரித்ததை இளையதம்பி கண்டதில்லை.

"பத்து நிமிசம்," என்றான். அதற்குமேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.